வண்டு விழுந்த ஆறு மூட்டையும் குறையாத பாக்கியும்

சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையின் கணக்கைப் பார்க்கிறேன். ஈப்போ மொத்த வியாபாரியின் ஸ்டேட்மெண்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. 40 மூட்டைப் பருப்பு, மூட்டை 110 வெள்ளி, மொத்தம் 4,400. அதில் 6 மூட்டையில் வண்டு. அடுத்து வந்த லோரியிலேயே திருப்பி அனுப்பி, 660 வெள்ளிக்கு டெபிட் நோட்டும் போட்டாயிற்று. மாதக் கடைசியில் பார்த்தால் அதே 4,400 நிற்கிறது.

போன் போட்டால் அங்கிருந்த பெண், “அக்கா, எங்கள் ஸ்டோருக்கு ரிட்டர்ன் எதுவும் வரவில்லையே, இப்போது முழுசாகக் கட்டிவிடுங்கள், அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம்” என்கிறார். இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பில் பாக்கி இருக்கும் வரை பணம் நம் கையில் இருக்கிறது, கட்டிவிட்டால் அந்த 660-க்கு நாம்தான் அலைய வேண்டும்.

டெபிட் நோட் என்பது நாம் கேட்பது, அவ்வளவுதான். அவர்கள் கிரெடிட் நோட் கொடுத்தால்தான் அவர்கள் கணக்கில் நம் பாக்கி குறையும். அதை வாங்கித் தந்தது ரிட்டர்ன் சீட்டு: தேதி, இன்வாய்ஸ் நம்பர், மூட்டை எண்ணிக்கை, லோரி நம்பர், கீழே டிரைவர் கையெழுத்து. அதோடு நேரிலேயே போய் நின்றேன். மூட்டைகள் வேறு கடைகளின் சேதச் சரக்கோடு ஒரு மூலையில் கிடந்தன. சாக்கில் இன்வாய்ஸ் நம்பரை மார்க்கரால் எழுதி அனுப்பியிருந்ததால் நம்முடையது என்று உடனே காட்ட முடிந்தது.

பாக்கி தீர்ந்தது என்று பார்த்தால் ஸ்டாக்கில் இடிக்கிறது. விற்பனைக்கே எடுக்காத சரக்கு, முன்பு இருப்பும் இல்லை, கடையில் எண்ணினால் 34 மூட்டை, கம்ப்யூட்டரில் 28. வண்டு கண்ட அன்றே ஸ்டோர் தம்பி 6 மூட்டையைச் சேதம் என்று ஸ்டாக் அட்ஜஸ்ட்மெண்டில் கழித்திருக்கிறார், அப்புறம் டெபிட் நோட்டும் அதே 6-ஐக் கழித்துவிட்டது. கூடவே, சப்ளையர் ஏற்க வேண்டிய 660 வெள்ளி நம் நஷ்டக் கணக்கில் உட்கார்ந்திருந்தது. அந்த அட்ஜஸ்ட்மெண்டைத் திருப்பிப் போட்டதும் இரண்டும் சரியாகிவிட்டன.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சரக்கைக் குறிக்காமல் தொகையை மட்டும் அடித்து டெபிட் நோட் போட்டால் பாக்கி குறையும், ஸ்டாக்கில் 40 அப்படியே இருக்கும். அதனால் எப்போதும் பழைய இன்வாய்ஸைத் திறந்து அதிலிருந்தே ரிட்டர்ன் போடுங்கள். விலையும் அதிலிருந்தே வரும், இன்றைக்குப் பருப்பு 116 ஆகியிருந்தாலும் கழிவது 110-தான்.

சப்ளையரின் கிரெடிட் நோட் வந்ததும் அதைப் புதிதாக அடிக்காதீர்கள், அடித்தால் பாக்கி இரண்டாவது முறை குறைந்துவிடும். நான் டெபிட் நோட்டோடு சேர்த்துக் குத்தி ஃபைலில் வைத்துவிட்டு, 3,740-க்குக் காசோலை எழுதினேன்.