சனிக்கிழமை சம்பளமும் எங்கள் சந்தா ஒப்பந்தமும்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பீஸ் ரேட் கூலிக் கணக்கு போடும் ஆன்லைன் மென்பொருள் நடத்துகிறோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் மாதம் 30,000 ரூபாய்க்கு எடுக்கச் சம்மதித்தது. எங்கள் நாலு பக்க ஒப்பந்தத்தை அனுப்பினோம், அவர்கள் வக்கீல் பாதிக்கு மேல் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

முதல் திருத்தம் அப்டைம், அதாவது மென்பொருள் நிற்காமல் ஓடும் நேரம். நாங்கள் போட்டது 99.5 சதவீதம், அவர்கள் கேட்டது 99.9. முப்பது நாள் மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 99.9 என்றால் 43 நிமிடம்தான் நிற்கலாம், 99.5 என்றால் மூன்று மணி நேரம் 36 நிமிடம் வரை நிற்கலாம். ஒரே சர்வரில் ஓடும் எங்களால் 43 நிமிடத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்று நேராகவே சொன்னேன். அதற்கு அவர்களுடைய மேனேஜர், "சதவீதத்தை விடுங்க சார், சனிக்கிழமை சாயங்காலம் நின்னா நூறு பேர் சம்பளத்துக்கு வாசல்ல நிப்பாங்க" என்றார். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. 99.5 அப்படியே இருந்தது, ஆனால் சனிக்கிழமை காலை 10 முதல் இரவு 8 வரை நின்றால் கட்டணக் கழிவு இரண்டு மடங்கு, பராமரிப்பு வேலை எல்லாம் ஞாயிறு அதிகாலையில் மட்டும் என்று எழுதினோம்.

இழுபறியானது இழப்பீட்டு வரம்புதான், அதாவது எங்களால் இழப்பு வந்தால் நாங்கள் அதிகபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்பது. அவர்கள் வரம்பே வேண்டாம் என்றார்கள். தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் எங்களிடம் இருக்கிறது, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி வரை அபராதம் உண்டு, அது எங்கள் மேல் அல்ல, அவர்கள் மேல் விழும். பயம் நியாயம்தான், ஆனால் வரம்பில்லாமல் கையெழுத்துப் போட்டால் ஒரே சம்பவத்தில் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான். கடைசியில் பொதுவான இழப்புக்கு 12 மாதக் கட்டணம், 3.6 லட்சம். தரவு கசிந்தால் அதில் மூன்று மடங்கு, 10.8 லட்சம். வேண்டுமென்றே செய்த மோசடிக்கு மட்டும் வரம்பு கிடையாது.

"கடந்த 12 மாதத்தில் கட்டிய தொகை" என்று நாங்கள் எழுதியிருந்ததையும் வக்கீல் பிடித்தார். இரண்டாம் மாதமே பிரச்சினை வந்தால் வரம்பு வெறும் 60,000 ஆகிவிடுமே! அதனால் முதல் ஆண்டுக்கு முழு ஆண்டுக் கட்டணம் என்று மாற்றினோம்.

தரவு அவர்களுடையது என்பதில் சண்டை இல்லை. சேவையை மேம்படுத்த அதைப் பயன்படுத்துவோம் என்ற வரியை அடித்தார்கள், சரி என்றோம். விலகிய 30 நாளுக்குள் எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாகத் தர வேண்டும், பேக்கப் பிரதிகள் 35 நாளில் தானாக அழியும் என்பதையும் சேர்த்தோம். அப்புறம் மேனேஜர், கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொன்னார். எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வந்தன. எழுத்துகள் யூனிகோடில் இருப்பதை எக்செலுக்குச் சொல்லும் பிஓஎம் குறியைக் கோப்பின் தொடக்கத்தில் சேர்த்த பிறகுதான் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தன, அன்று மாலையே கையெழுத்தானது.