நாற்பதடிப் பலகைக்கு ஒரு படம்

ஜூன் 10, 2025

திருச்சி புறவழிச்சாலையில் துணிக்கடை ஒன்றுக்கு 40 அடி அகலம், 20 அடி உயரத்தில் ஹோர்டிங் வடிவமைக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வரையும் பரப்பான வழக்கமான ஆர்ட்போர்டு 227 அங்குலத்தோடு, அதாவது 19 அடிக்குச் சற்று முன்பே, நின்றுவிடும் என்பதால், பத்தில் ஒரு பங்காக 48க்கு 24 அங்குலத்தில் கோப்பைத் தொடங்கினேன். அச்சகத்தில் ஆயிரம் சதவீதமாகப் பெரிதாக்கிக்கொள்வார்கள். கடைப் பெயரின் எழுத்துகள் வெக்டார் என்பதால் கவலையில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு வளைவு செல்கிறது என்ற கணக்காகவே அவை கோப்பில் இருப்பதால், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கணக்கு புதிதாகப் போடப்பட்டு ஓரம் கூர்மையாகவே வரும். ஆனால் கடைக்காரர் அனுப்பிய சின்னம் பிடிஎஃப் கோப்பாக இருந்தும், 6400 சதவீதத்தில் பார்த்தபோது ஓரம் படிக்கட்டாகத் தெரிந்தது. ஜேபெக் படத்தைப் பிடிஎஃப் உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கோடு கோடாக மீண்டும் வரைய வேண்டியதாயிற்று.

ஜூன் 11

புகைப்படம் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும் என்று கடை மேலாளர் வற்புறுத்தினார். முழுப் பலகைக்கும் அப்படிச் செய்தால் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பிக்சல்கள், நான்கு நிறங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 41 ஜிபி ஆகும். கையில் பிடித்துப் படிக்கும் பத்திரிகைக்கு வகுத்த அளவு அது. மாடலை நெடுக்காக எடுத்த படத்தின் 6000 பிக்சல்களை 20 அடி உயரத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 25 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர். மூன்றரை மீட்டருக்கு அப்பால் நின்றாலே அந்தப் புள்ளியைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. சாலையோ பலகையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. பத்தில் ஒரு பங்கான கோப்பில் இதே படம் அங்குலத்துக்கு 250 பிக்சல் என்று காட்டுவதைக் கண்டதும் மேலாளர் சமாதானமானார், காரணம் தவறானது என்றாலும்.

ஜூன் 13

வேறு படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, நீளப்பக்கம் 1600 பிக்சல். இதில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் என்பதால், 30 மீட்டர் தொலைவில் அதுவும் தனியாகத் தெரியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, கடுமையாகச் சுருக்கிய படத்தில் அந்தக் கட்டங்களின் விளிம்பு துலங்கும், இங்கே ஒவ்வொரு கட்டமும் மூன்று சென்டிமீட்டர். கன்னத்தையும் புடவையின் வெறும் பரப்பையும் மட்டும் முழு அளவில் பிளெக்ஸில் அடித்து, தெருவின் மறுகோடியிலிருந்து பார்த்தேன்; கன்னத்தில் சதுரங்கள் தெளிவாகவே தெரிந்தன. மென்பொருளில் பிக்சலைக் கூட்டினால் சதுரமும் கூடவே வளரும் என்பதால், புகைப்படக்காரரின் மூலக் கோப்பைக் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 14

மூலக் கோப்பு வந்தது. அதே கன்னம், அதே அளவு, அதே தெருமுனை: சதுரம் இல்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.