எதிர்காற்று: ஒரு மாணவியின் சைக்கிள் கஃபே

டிசைன் கல்லூரியின் இறுதியாண்டு மதிப்பீட்டுக்கு அவ்வப்போது என்னையும் கூப்பிடுவார்கள். இந்த முறை ஒரு மாணவி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக ஒரு கற்பனை கஃபேவுக்கு பிராண்ட் செய்திருந்தார். பெயர் 'எதிர்காற்று'.

பெயரிலேயே பாதி வேலை முடிந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாமல்லபுரம் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பும்போது முகத்தில் அறைகிற காற்றை அனுபவித்தவருக்குத்தான் அது தோன்றும். காலை ஐந்து மணிக்கே கடை திறக்கும் என்று போட்டிருந்ததும் பிடித்தது. ஓட்டுபவர்களோடு பழகிப் பார்த்திருக்கிறார்.

லோகோ சுமார். சக்கரமே காபிக் கோப்பையின் வாய், உள்ளே மெல்லிய ஸ்போக்ஸ். பில் அடிக்கும் தாளில் வந்தால் அது வெறும் கறைதான். ஆனால் எனக்கு உறுத்தியது பெயர்ப்பலகை. 30 கி.மீ. வேகத்தில் வருபவர் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். பெயரைப் படித்து, பின்னால் வருபவருக்குக் கை காட்டி, ஓரம் கட்ட வேண்டுமானால் நூறு அடிக்கு முன்பே பலகை கண்ணில் பட வேண்டும். அதற்கே நாலு நொடிகூட இல்லை. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகைத் தொழிலில் உள்ள கைக்கணக்கு. அப்படியானால் பத்து அங்குலம் வேண்டும். அவர் வைத்திருந்தது நாலு. போதாக்குறைக்குத் தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் மட்டும்!

அதைவிடப் பெரிய ஓட்டை, வண்டியை எங்கே நிறுத்துவது என்று வரைபடத்தில் எங்குமே இல்லாதது. ரோடு பைக் என்கிற வேக சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. பலர் பூட்டும் கொண்டு வருவதில்லை. லட்ச ரூபாய் வண்டி கண்ணெதிரே இல்லையென்றால் யார் நிம்மதியாகத் தோசை சாப்பிடுவார்கள்? பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கிளீட் வைத்த ஷூவோடு அந்த வழவழ டைல்ஸில் நடந்தால் வழுக்கும் என்பதையும் சொன்னேன்.

"அப்ப அடுத்து லோகோவை நாலு பேர்கிட்ட காட்டிக் கருத்து கேக்கட்டுமா சார்?"

"வேண்டாம்மா. நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க."

பலகையை நிஜ அளவில் இரண்டு விதமாக அச்சடித்து, ஞாயிறுக்கு ஒன்றாக விடியலில் சாலையோரம் கட்டிவிட்டு, அடுத்த டீக்கடையில் நிற்பவர்களிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். அதே டீக்கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, சைக்கிள் சீட்டின் மூக்கை மாட்டித் தொங்கவிட இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு குழாய் கட்ட வேண்டும். குழாய் இருக்கும் வாரமும் இல்லாத வாரமும் ஆட்கள் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று குறித்தால் போதும்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. வாடகையோ முப்பது நாளுக்கும். செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பகுதியில் சாதாரண சைக்கிளில் போகிறவர்கள் இந்தக் கடைக்குள் நுழையத் தயங்குவார்களா என்று வார நாளில் போய்க் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.