பாஸ் புக்கில் தெரியாத சேமிப்பு

முகத்துவாரத்தில் எங்கள் தொடர்மாடியைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள் ஒரு சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்தபோது, பதிவு வேலை பெரிய சிரமம் தரவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் ஒவ்வொருவரின் வதிவிடத்தையும் உறுதிப்படுத்திக்கொண்டு, யாப்பு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகளைத் தெரிவுசெய்த கூட்டத்தின் அறிக்கை ஆகியவற்றைப் பிரதேச செயலகத்தில் மகளிர் விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கொடுத்தோம். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று யாப்பிலேயே எழுதியிருந்ததால், வங்கிக் கணக்கும் தடையின்றித் திறக்கப்பட்டது.

கடன் கேட்டபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்களில் நாங்கள் சேமித்தது 72,000 ரூபாய். ஆனால் பாஸ் புக்கில் இருந்ததோ 34,500 ரூபாய்தான். கடன் உத்தியோகத்தர் அந்த மீதியை மட்டும் பார்த்து, சேமிப்பு போதாது என்றார். எங்கள் பொருளாளர் அக்கா கொப்பியைத் திறந்து, உறுப்பினர்களுக்குள் கொடுத்த கடனில் இன்னும் வரவேண்டியது 38,000, கையிருப்பு 1,300, பாஸ் புக் மீதி 34,500, ஆக மொத்தம் 73,800 என்று கூட்டிக் காட்டினார். சேமிப்பான 72,000 ரூபாயுடன் உள்கடன் வட்டியாக வந்த 1,800 ரூபாயைச் சேர்த்தாலும் அதே தொகைதான் வரும். இரண்டு பக்கமும் பொருந்தியதையும், ஒவ்வொரு உள்கடனுக்கும் கூட்ட அறிக்கையில் தீர்மானமும் பெற்றவரின் கையொப்பமும் இருந்ததையும் பார்த்த பிறகே அவர் விண்ணப்பத்தை ஏற்றார். பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் குழுவைவிட, அதை உள்ளேயே சுற்றவிட்டு ஒழுங்காகத் திரும்பப் பெறும் குழுதான் கடனைத் தாங்கும் என்பது என் உறுதியான கருத்து. அதை வங்கிக்கு நிரூபிப்பது அந்தக் கொப்பி மட்டுமே.

குழுவாகக் கேட்டாலும், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒரு தங்கைக்கு லீசிங் நிலுவை இருந்தது. குழுப் பிணை என்பதால் அது எல்லோரையும் நிறுத்திவைத்தது. அவர் நிலுவையைக் கட்டி, கடிதம் கொண்டுவந்த பிறகே கோப்பு நகர்ந்தது. தன் அறிக்கையைத் தானே முன்கூட்டிப் பெற்றுப் பார்க்க வழியிருப்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

எங்களுக்கு 144,000 ரூபாய் அனுமதிக்கப்பட்டது. முதலில் நான்கு பேர் தலா 36,000 பெற்றார்கள். ஆனால் அதற்கு முன் கையொப்பமிட வேண்டியிருந்த ஒப்பந்தத்தில், கடன் தீரும்வரை சேமிப்புக் கணக்கில் கைவைக்க முடியாது என்ற நிபந்தனை இருந்தது. அப்படியே கையொப்பமிட்டிருந்தால், மருந்துச் செலவுக்கும் பள்ளிச் செலவுக்கும் நாங்கள் நம்பியிருந்த உள்கடன் நின்றுபோயிருக்கும். முகாமையாளருடன் பேசி, அன்றைய மீதியான 34,500 ரூபாயை மட்டும் பிடித்துவைக்கவும், புதிய சேமிப்பை இரண்டாவது கணக்கில் போடவும் எழுத்தில் சம்மதம் பெற்றோம். இப்போது பொருளாளர் கூட்டத்திலேயே இரண்டு வைப்புச் சீட்டுகளை எழுதுகிறார்: தவணை கடன் கணக்குக்கு, சேமிப்பு மற்றக் கணக்குக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே கணக்கில் போட்டால், பணம் வங்கியில் இருந்தும் தவணை நிலுவையாகிவிடும்.