நான் அழித்த மேடு

"இடது பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன மேடு உண்மையா?" என்று, பங்குச்சந்தை ஆப்ஷன் விலைகளிலிருந்து நான் வரைந்த படத்தைக் காட்டி எங்கள் பிரிவுத் தலைவர் கேட்டார். "இல்லை சார், அது விலைகளில் இருக்கும் இரைச்சல்தான்" என்று நான் சொன்னேன். அந்தப் பதிலுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து விநாடிகூட இருக்காது. நாளாகியும் அது என்னை விடவில்லை.

பெரிய அறிவிப்பு ஒன்று வரவிருந்த நாளுக்கு முந்தைய மாலை அது. நிஃப்டி 22,500க்கு அருகில் இருந்தது. அந்த வார ஆப்ஷன்கள் முடிய இன்னும் சில நாள்கள் இருந்தன. முடிவு நாளில் குறியீடு எங்கே நிற்கும் என்று சந்தை எண்ணுகிறது என்பதை, ஸ்ட்ரைக் எனப்படும் குறித்த மட்டத்தில் குறியீட்டை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷன்களின் விலைகளிலிருந்து வரைந்து காட்டுவது என் வேலை. 1978இல் பொருளியலாளர்கள் பிரீடனும் லிட்சன்பர்கரும் காட்டிய வழி அது: அடுத்தடுத்த மூன்று ஸ்ட்ரைக்குகளின் விலைகளை எடுத்து, `C(K-100) - 2C(K) + C(K+100)` என்று கணக்கிட வேண்டும்; C கால் விலை, K நடு ஸ்ட்ரைக். வணிகர்கள் இதைப் பட்டர்ஃபிளை என்பார்கள். முடிவு நாளில் குறியீடு சரியாக நடு ஸ்ட்ரைக்கில் நின்றால் அது 100 ரூபாய் தரும். இரு பக்கமும் விலக விலகக் குறைந்து, நூறு புள்ளி தள்ளிப்போனால் ஒன்றும் தராது. ஆகவே அதன் விலையை நூறால் வகுத்தால், அந்த நூறு புள்ளி அகலத்துக்குள் குறியீடு நிற்பதற்குச் சந்தை தரும் நிகழ்தகவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். சில நாள் வட்டியைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

அன்றைய தாளில் 21,700, 21,800, 21,900, 22,000 ஆகிய ஸ்ட்ரைக்குகளின் கால் விலைகள் 843.50, 748.50, 658.50, 570.50 என இருந்தன. 21,800ஐச் சுற்றிய பட்டர்ஃபிளை 5 ரூபாய், 21,900ஐச் சுற்றியது 2 ரூபாய். அதாவது 5 சதவீதம், பிறகு 2 சதவீதம். நடுவை நோக்கி ஏற வேண்டிய கோடு அங்கே ஏறி இறங்கியிருந்தது. அதுதான் அவர் விரல் வைத்த மேடு.

என் பதிலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குறியீட்டுக்கு அவ்வளவு கீழே ஸ்ட்ரைக் உள்ள கால்களை யாரும் அதிகம் வாங்கி விற்பதில்லை. 21,800 காலுக்கு வாங்குவோர் கேட்டது 746.50, விற்போர் சொன்னது 750.50; நான் எடுத்தது நடுவிலுள்ள எண். அதையே 750 என்று வைத்தால் 5 என்பது 2 ஆகிவிடும், பக்கத்து 2 என்பது 3.50 ஆகிவிடும், மேடு மறைந்துவிடும். நடு ஸ்ட்ரைக்கின் பிழை இரண்டு மடங்காக வருவதால், ஒவ்வொரு விலையும் இரண்டு ரூபாய் பிசகக்கூடிய இடத்தில் பட்டர்ஃபிளை எட்டு ரூபாய் வரை பிசகலாம். எட்டு ரூபாய் பிழைக்குள் ஐந்து ரூபாய் உண்மையைத் தேடுவது வீண் என்றே நினைத்தேன். அந்த அளவில் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எனவே விலைகளை, அவற்றில் பொதிந்துள்ள எதிர்கால அசைவின் அளவான உள்ளார்ந்த ஏற்ற இறக்க விகிதமாக மாற்றி, ஸ்ட்ரைக்குகளின் குறுக்கே ஒரு வழுவழுப்பான வளைவைப் பொருத்தி, அதிலிருந்து விலைகளைத் திரும்பப் பெற்று, இரண்டாம் வேறுபாடு எனப்படும் அதே பட்டர்ஃபிளைக் கணக்கைப் போட்டேன். பலரும் பின்பற்றும் முறைதான். ஒற்றைக் குன்றாக அழகான படம் வந்தது. அதுவே வெளியே போனது.

ஆனால் ஸ்ட்ரைக்கில் விற்கும் உரிமையான புட் ஆப்ஷன்களின் விலைகளை நான் பார்க்கவில்லை. ஒரே ஸ்ட்ரைக்கின் காலுக்கும் புட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்ட்ரைக்கோடு நேர்கோட்டில் மாறுவதால், இரண்டாம் வேறுபாட்டில் அது அடிபட்டுப்போகும். புட்டிலிருந்து எடுத்தாலும் அதே நிகழ்தகவுப் பரவல்தான் கிடைக்க வேண்டும். 22,500க்குக் கீழே அதிகம் கைமாறுவதும் புட்தான். மறுவாரம் அந்த மாலையின் புட் விலைகளை எடுத்துப் பார்த்தேன்: அதே நான்கு ஸ்ட்ரைக்குகளில் 43.10, 49.30, 58.70, 70.70. பட்டர்ஃபிளைகள் 3.20, 2.60. மேடு இருந்தது, ஐந்தில் ஒரு பங்காகத் தேய்ந்து. அங்கே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி 40 பைசாதான். ஆகவே ஒவ்வொரு பட்டர்ஃபிளையின் பிழையும் 80 பைசாவைத் தாண்டாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ 60 பைசா. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த ஆப்ஷன்கள் முடிந்த நாளில் குறியீடு 21,800ஐ ஒட்டித்தான் நின்றது. இதை எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது, ஏனென்றால் ஒரே ஒரு முடிவு ஒரு பரவலைச் சரி என்றோ தவறு என்றோ காட்டிவிடாது. மேலும் அந்த விலைகளில் இருப்பது வெறும் கணிப்பு மட்டும் அல்ல. வீழ்ச்சிக்குப் பயந்து புட் வாங்குவோர் தரும் காப்பீட்டுக் கூலியும் அதில் கலந்திருக்கிறது. மேடு உண்மையாகவே இருந்திருந்தாலும், அது பயத்தின் அளவாக இருந்திருக்கலாம்.

இத்தனையும் தெரிந்தும் மனம் ஆறவில்லை. வளைவை எவ்வளவு வழுவழுப்பாக்குவது என்ற எண்ணை முடிவு செய்தது நான். அதைச் சற்றுத் தளர்த்தியிருந்தால், மேடுள்ள ஒரு வளைவும் எல்லா ஸ்ட்ரைக்குகளிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே அடங்கியிருக்கும். பிறகு சோதித்தும் பார்த்தேன், அடங்கியது. மேடு இல்லாத வளைவும் அடங்கியது. இரண்டு படங்களையும் மேசையில் வைத்து, "விலைகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன சார்" என்று சொல்லியிருக்கலாம். அவர் வேண்டியது ஒரு படம், அதுவும் ஆறு மணிக்குள். இரண்டைக் கொடுத்திருந்தால் எதை அனுப்பியிருப்பார் என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.