இரண்டு பனியன்

இன்று துணி மடிக்கும்போதுதான் கவனித்தேன். 13 வயது மகன், இந்தச் சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறான்.

தோளைக் குறுக்கி நடப்பதை ஒரு மாதமாக அதட்டிக்கொண்டிருந்தேன். பாவம் பிள்ளை.

விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னான்: "அம்மா, நெஞ்சில் கட்டி மாதிரி இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது. நான் பெண்ணாக மாறுகிறேனா?"

இல்லை கண்ணா. பருவமடையும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டும்வரை ஈஸ்ட்ரோஜனின் கை சற்று ஓங்கும். மார்புக் காம்புக்கு அடியில் நாணயம் போலத் திசு திரளும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே கரைந்துவிடும்.

பெற்றோரே, உறவினர் முன்னால் "சதை போட்டுவிட்டான்" என்று சொல்லாதீர்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எத்தனை நாளில் போகும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு வேண்டியது அதுதான்.

கல்போல் கெட்டியாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ, இரண்டு ஆண்டுகள் தாண்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாளை தளர்வான சட்டை வாங்கப் போகிறோம். நிறம் அவன் விருப்பம்.