கேமராவிலும் நாஸிலும் admin-ஐ மாற்றப் போய்ப் பட்ட பாடு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாண வீடியோ, ஆல்பம் எல்லாம் நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டரும் ஃபைல் வைத்து எடுக்கிற ஒரு சினாலஜி நாஸ் பெட்டியில் கிடக்கின்றன. வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே போட்டோ தேர்வு செய்ய அது இணையத்திலிருந்தும் திறக்கும்படி இருந்தது. ஒரு நாள் அதன் Log Center-ஐத் திறந்தால், ராத்திரி முழுக்க யாரோ எங்கெங்கிருந்தோ admin என்ற பெயரில் நுழையப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சினாலஜியே இந்த மாதிரித் தாக்குதல் பற்றி எச்சரித்திருந்தது. பெயர் admin என்று தெரிந்துவிட்டால் பாஸ்வேர்டை மட்டும் ஊகித்தால் போதும், அதற்கு மெஷின் இருக்கிறது.

நாஸ் வேலை சுலபம்தான். administrators குழுவில் புதுப் பெயரில் ஒரு யூசர், அதில் நுழைந்து Control Panel திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து admin-ஐ முடக்குவது. guest-உம் முடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்டுப்போன டிசைனரின் யூசரை மட்டும் அழிக்காதீர்கள், முடக்குங்கள். யூசரை நீக்கினால் அவர் home ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். இன்னும் முடிக்காத எங்கள் ஆல்பங்கள் இரண்டு அதற்குள்தான் இருந்தன.

ஆனால் முடக்குவதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். அதே Log Center-இல் Connection பகுதியில், admin பெயரில் *வெற்றிகரமாக* உள்ளே வருபவை எவை என்று ஐபி வாரியாகப் பாருங்கள். எங்களுக்கு வந்தவை இரண்டு: எடிட்டிங் கம்ப்யூட்டர், ஸ்கேன் செய்ததை ஃபோல்டருக்கு அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின். ஜெராக்ஸுக்கு அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமையோடு தனி யூசர் கொடுத்தேன், முடிந்தது. எடிட்டிங் கம்ப்யூட்டர்தான் படுத்தியது. புது யூசரைக் கொடுத்தால், ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் இணைய முடியாது என்று 1219 என்ற பிழை. பழைய admin இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம். விண்டோஸ் அந்த பாஸ்வேர்டைச் சேமித்தும் வைத்திருக்கும். இரண்டையும் களைய வேண்டும் (ஐபி உங்கள் நாஸுடையது, திறந்திருக்கும் எடிட்டிங் ஃபைல்களை முதலில் மூடிவிடுங்கள், கடைசிக் கட்டளை எல்லா நெட்வொர்க் டிரைவையும் துண்டிக்கும்):

```
cmdkey /list
cmdkey /delete:192.168.1.20
net use * /delete
```

அடுத்தது கேமரா. உண்மையான எரிச்சல் அங்கேதான். மாட்டிக்கொடுத்த புதுச்சேரிக்காரர் எங்களுக்குக் கொடுத்தது பார்க்க மட்டும் முடிகிற ஒரு யூசர். admin பாஸ்வேர்டு அவரிடம். கேட்டால், "அதை யாருக்கும் தரமாட்டோம் சார், நீங்க ஏதாவது மாத்திட்டா அப்புறம் நாங்கதான் வரணும்" என்றார். நேரில் பேசலாம் என்று பஸ் ஏறிப் போனால், "ஓனர் வெளிய போயிருக்காருண்ணே" என்று கடைப்பையன். பணம் கொடுத்து வாங்கிய பெட்டிக்கு நான் சொந்தக்காரன் இல்லை என்பது போல ஒரு பதில்.

கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆரில் Forgot Password என்று இருக்கிறதே என்று முயன்றேன். திரையில் கியூஆர் வரும், அதை ஸ்கேன் செய்தால் பதிவான மெயிலுக்கு ஒரு குறியீடு போகும். பதிவான மெயில் அவருடையது. கம்பெனி கஸ்டமர் கேரில் சீரியல் நம்பர் உள்ள பில் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததோ கையால் எழுதிய எஸ்டிமேட், அதில் "8 சேனல் என்விஆர் 1" என்று மட்டும். வாங்கும்போதே சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். கேமரா மாட்டுபவர் கிளம்பும் முன் admin பாஸ்வேர்டையும் பதிவு மெயிலையும் உங்கள் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.

விடாமல் போன் செய்ததில் ஒரு டெக்னீஷியன் தம்பியை அனுப்பினார். நல்ல பையன். பழைய பாஸ்வேர்டை அவர் அடிக்க, புதியதை நான் அடித்தேன். மெயிலையும் மாற்றினோம். கேமராக்களின் பழைய பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தார். அதே பாஸ்வேர்டைத்தான் போகும் இடமெல்லாம் வைக்கிறோம் என்று அவரே சொன்னபோது வயிறு கலங்கியது.

என்விஆர் நம் கைக்கு வந்ததும் கேமரா ஒவ்வொன்றிலும் மாற்றினேன். எங்கள் கேமராக்கள், நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் கொடுக்கும் தனி PoE ஸ்விட்சில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி, பிரௌசரிலேயே திறக்கும். முதல் கேமராவில் மாற்றிய சற்று நேரத்தில் படம் போனது. சரி, என்விஆரில் புது பாஸ்வேர்டைப் போட்டேன். வரவில்லை. பாஸ்வேர்டு தவறு என்று சொல்லாமல் யூசர் பூட்டப்பட்டிருக்கிறது என்று காட்டியது. நடந்தது இதுதான்: நான் மாற்றிய நொடியிலிருந்து என்விஆர் பழைய பாஸ்வேர்டையே விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. யாரோ திருட வருகிறார்கள் என்று கேமரா பூட்டிக்கொண்டது. எங்கள் கேமராவில் பூட்டு அரை மணி நேரம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் என்விஆரில் அந்தச் சேனலை எடுத்துவிடுங்கள். பிறகு கேமராவில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைசியாகப் புது பாஸ்வேர்டோடு சேனலைச் சேருங்கள். ஒரு கேமரா முடிந்து படம் வந்த பிறகே அடுத்தது. பூட்டிக்கொண்டால் என்விஆரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, கேமராவை ஸ்விட்சில் உருவிச் செருகுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும்.

வாசல் கேமரா மட்டும் வேறு கம்பெனி, வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளைச் சேர்க்கும் பொது முறையான ஆன்விஃப் வழியாக இணைத்தது. அதில் பாஸ்வேர்டை மாற்றினேன், கேமராவை ரீஸ்டார்ட்டும் செய்தேன், பழைய பாஸ்வேர்டே இருந்த என்விஆரில் படம் ஜம்மென்று வந்தது. வேலை சுலபமாக முடிந்தது என்று விட்டிருந்தால் போச்சு. பல கேமராக்களில் ஆன்விஃப் யூசர் பட்டியல் தனி. வெப் admin-ஐ மாற்றினாலும் ஆன்விஃப் admin பழைய பாஸ்வேர்டோடு அப்படியே நிற்கும். அமைப்புகளில் தேடி அதையும் மாற்றிய பிறகுதான் படம் போனது. அங்கே படம் போவதுதான் நல்ல செய்தி. (ரீஸ்டார்ட் செய்யாமல் சோதிக்காதீர்கள், ஏற்கெனவே ஓடும் இணைப்பு மாற்றத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடலாம்.)

மாடியில் ஒரு பழைய டிவிஆரும் உண்டு. அதில் admin தவிர 888888, 666666 என்று இரண்டு யூசர்கள், பெயரே பாஸ்வேர்டு. 2016-இல் கேமராக்களைப் பிடித்துப் பெரிய தாக்குதல் நடத்திய மிராய் என்ற மால்வேர் தன்னோடு வைத்திருந்த பட்டியலில் இந்த இரண்டு எண்களும் இருந்தன. எங்கள் பெட்டியில் 666666-ஐ நீக்க முடிந்தது, 888888-ஐ முடியவில்லை, அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். இந்த வகைப் பெட்டிகளில் default என்று இன்னொரு யூசர் ஒளிந்திருக்கும். யாரும் லாகின் செய்யாதபோது திரையில் படம் காட்டுவது அதுதான். அதற்கு நேரலை தவிர மற்ற உரிமைகளை எடுத்துவிட்டேன். இந்தப் பெட்டிக்கு இனி புது ஃபர்ம்வேர் வராது என்பதால் ரவுட்டரில் அதற்கு இணையத்தையே நிறுத்தியாயிற்று.

கடைசியாக மாட்டியது எந்த யூசர் பட்டியலிலும் இல்லாத ஒன்று. புதுச்சேரிக்காரரின் போனில் உள்ள ஆப்பில் எங்கள் என்விஆர் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. நாங்கள் அவர் பகிர்ந்து பார்ப்பவர்கள் மட்டும். பாஸ்வேர்டை மாற்றியதும் அந்தப் பதிவு தானாக அறுந்துவிடும் என்று நம்ப வேண்டாம். என்விஆரில் கிளவுடு சேவையை அணைத்து, அவர் ஆப்பிலிருந்து அந்தப் பதிவை நீக்க வைத்து, எங்கள் நம்பரில் மறுபடி பதிந்தோம். நீக்குவதற்கும் அதே டெக்னீஷியன் தம்பிதான் உதவினார், ஓனர் இதற்கு மட்டும் போனையே எடுக்கவில்லை.